சப்ளையரிடம் கூடுதலாகப் போன பணத்தைத் திருப்பிக் கேட்கும் மெயில்: எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

"எங்கள் கணக்கில் உங்கள் பெயரில் 88,700 டெபிட் பேலன்ஸ் நிற்கிறது. அந்தத் தொகையைத் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்."

ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போனது தெரிந்த அன்று, பதற்றத்தில் நான் ஒரு சப்ளையருக்கு அனுப்பிய மெயில் இவ்வளவுதான். தப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் பணம் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. இடையில் அவர்கள் அனுப்பிய பதில்களில் ஒன்று, நாங்கள்தான் அவர்களுக்கு 88,700 பாக்கி என்றது. மெயிலில் இருந்த கோளாறு எனக்குப் புரிந்தது அப்போதுதான். பிறகு வேறு கணக்குகளிலும் இதே மாதிரி பதில்களைப் பார்த்துவிட்டேன். அவற்றை வரும் வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

உதாரணத்துக்கு அந்தக் கணக்கையே தருகிறேன். எண்களை எளிமையாக்கியிருக்கிறேன். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். எங்கள் புத்தகத்தில் சப்ளையரின் லெட்ஜர் இது:

| தேதி | விவரம் | டெபிட் | கிரெடிட் |
|---|---|---|---|
| மார்ச் 3 | பில் 451 | | 84,600 |
| மார்ச் 10 | பேமெண்ட், பில் 451 | 84,600 | |
| மார்ச் 18 | பில் 463 | | 31,250 |
| மார்ச் 21 | டெபிட் நோட் 12, திருப்பிய சரக்கு | 4,100 | |
| மார்ச் 28 | பேமெண்ட், ஒரே டிரான்ஸ்ஃபர் | 1,15,850 | |
| | மொத்தம் | 2,04,550 | 1,15,850 |
| | டெபிட் பேலன்ஸ் | 88,700 | |

மார்ச் 28 அன்று போன 1,15,850-இல் பில் 463-க்கான 31,250 சரியானது. மீதி 84,600 பில் 451-க்கு இரண்டாம் தடவையாகப் போன பணம்.

கூடுதலாகக் கட்டியது நிச்சயம், ஆனால் லெட்ஜரில் அந்த டெபிட் இல்லை

மேலே உள்ள லெட்ஜர் திருத்தியதற்குப் பிந்தையது. முதலில் பார்த்தபோது டெபிட் பேலன்ஸ் வெறும் 4,100-தான் இருந்தது. பேங்க் ஸ்டேட்மெண்டில் 84,600 கூடுதலாகப் போயிருக்கிறது, லெட்ஜர் வாயே திறக்கவில்லை.

காரணம், பணம் மட்டுமல்ல, பில்லும் இரண்டு தடவை ஏறியிருந்தது. தாளில் வந்த பில்லை ஒருவர் 451 என்று பதிந்தார். அதே பில் ஸ்கேனாக மெயிலில் வந்தபோது இன்னொருவர் 0451 என்று பதிந்தார். முன்னால் ஒரு பூஜ்யம் இருந்ததால் சாஃப்ட்வேருக்கு அது வேறு பில். அதனால் "இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது" என்ற எச்சரிக்கை எழவில்லை. பொய்யான கிரெடிட் ஒன்று 84,600-க்கு, கூடுதல் பேமெண்டின் டெபிட் ஒன்று 84,600-க்கு. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. இரட்டைப் பேமெண்டுகள் வருடக்கணக்கில் கண்ணில் படாமல் கிடப்பது பெரும்பாலும் இப்படித்தான். டெபிட் பேலன்ஸ் ரிப்போர்ட்டை மட்டும் நம்பித் தேடினால் இது அகப்படாது. ஒரே சப்ளையர், ஒரே தொகை என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் அகப்படும்.

மெயில் எழுதும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும். 0451 என்ற கொள்முதல் பதிவை ரத்து செய்யுங்கள். மாற்றுப் பதிவாகப் போடுவதானால் சப்ளையருக்கு டெபிட், கொள்முதலுக்கு கிரெடிட். அந்தப் பில்லில் வரி ஏதும் வரவு எடுத்திருந்தால் அதையும் சேர்த்தே திருப்ப வேண்டும். பேமெண்ட் பதிவைத் தொடாதீர்கள். பணம் உண்மையாகவே போயிருக்கிறது, பதிவும் இருக்க வேண்டும். மாற்றுப் பதிவு போட்டிருந்தால், சப்ளையருக்கு அனுப்பும் லெட்ஜர் நகலில் 0451-இன் ஜோடி வரிகள் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒன்றையொன்று அழிப்பவை என்பதால் மீதி மாறாது. அவை இருந்தால் "0451 எந்தப் பில்?" என்ற கேள்வியிலேயே ஒரு வாரம் ஓடிவிடும்.

டெபிட் நிற்கிறது, ஆனால் அது கூடுதல் பணம்தானா என்று தெரியவில்லை

சப்ளையர் பெயரில் டெபிட் இருந்தாலே அவர் திருப்பித் தர வேண்டும் என்று ஆகாது. முன்பணம் கொடுத்துப் பில் இன்னும் வராமல் இருக்கலாம். சரக்கு வந்து, பில் யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கலாம். பெயர் ஒத்த இன்னொரு சப்ளையரின் பேமெண்ட் இங்கே ஏறியிருக்கலாம். ஒவ்வொரு பேமெண்டுக்கும் எதிரே பில்லை வைத்துக் கழித்துப் பாருங்கள். எதிரே பில் இல்லாமல் தனித்து நிற்கும் பேமெண்டுக்கு, சரக்கு ரசீதுகளில் பில் வராத சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை தேடுங்கள். அங்கும் எதுவும் இல்லை என்றால்தான் அது கூடுதல் பணம். இந்த வேலையைத் தவிர்த்து மெயில் அனுப்பினால், நாம் பதியாத பில் ஒன்றை அவர்கள் எடுத்து நீட்டுவார்கள். அதன்பின் நம் எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

"ஆமாம், டெபிட் பேலன்ஸ் இருக்கிறது, எப்போது கட்டுகிறீர்கள்?" என்று பதில் வருகிறது

என் ஏழு வாரத்தில் மூன்று வாரம் இங்கேதான் போனது.

டெபிட், கிரெடிட் இரண்டும் யாருடைய புத்தகத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பக்கம் மாறும். நம் புத்தகத்தில் சப்ளையர் கணக்கு இயல்பாகவே கிரெடிட்டில் இருக்கும். அது நாம் அவருக்குத் தர வேண்டியது. நாம் தர வேண்டியதைவிட அதிகம் கொடுத்துவிட்டால் கணக்கு மறுபக்கம் சாய்ந்து டெபிட்டில் நிற்கும். பழைய தமிழ்க் கணக்குச் சொல்லில் இது தெளிவு. ஒருவர் பேரில் பற்று எழுதினால் அவர் நம்மிடம் வாங்கியிருக்கிறார், திருப்பித் தர வேண்டும் என்று பொருள். சப்ளையர் பேரில் 88,700 பற்று என்றால், நம் பணம் அவரிடம் இருக்கிறது.

அவர் புத்தகத்தில் நாம் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் கணக்கு அங்கே இயல்பாக டெபிட்டில் இருக்கும், ஏனென்றால் வாடிக்கையாளர்கள் அவருக்குத் தர வேண்டியவர்கள். நாள் முழுக்க வாடிக்கையாளர் லெட்ஜரோடு வாழும் ஒருவர் "டெபிட் பேலன்ஸ் 88,700" என்று படித்தால், மனம் தானாகவே "இவர்கள் நமக்கு 88,700 பாக்கி" என்று எடுத்துக்கொள்கிறது. அவர் மேல் குற்றமில்லை. நாம் நம் பக்கத்துச் சொல்லை, யாருடைய புத்தகம் என்று சொல்லாமல் அனுப்பிவிட்டோம். அதே கூடுதல் பணம் அவர் புத்தகத்தில் கிரெடிட் பேலன்ஸாகத்தான் தெரியும்.

ஆகவே மெயிலில் "டெபிட் பேலன்ஸ்" என்ற சொல் தனியாக வரக் கூடாது. அதோடு மூன்று சேதிகள் வர வேண்டும்: அது யாருடைய புத்தகத்தில், அதன் பொருள் யார் யாருக்குத் தர வேண்டும், அவருடைய புத்தகத்தில் அது எந்தப் பக்கம் தெரியும். நான் இப்போது அனுப்பும் மெயில் இப்படி இருக்கும்:

> பொருள்: பில் 451-க்கு இருமுறை செலுத்திய 84,600-ஐத் திருப்பி அனுப்பக் கோரிக்கை
>
> கணக்குப் பிரிவினருக்கு,
>
> வணக்கம். உங்கள் மார்ச் 3 தேதியிட்ட பில் 451-க்கான 84,600-ஐ மார்ச் 10 அன்று செலுத்தினோம். மார்ச் 28 அன்று அனுப்பிய 1,15,850-இல் அதே பில்லுக்கான 84,600 தவறுதலாக இரண்டாம் முறை சேர்ந்துவிட்டது. அந்தத் தொகையில் மீதி 31,250 உங்கள் பில் 463-க்கு உரியது. தவறு எங்களுடையது.
>
> இதனால் எங்கள் புத்தகத்தில் உங்கள் கணக்கு டெபிட்டில் நிற்கிறது. அதாவது இந்தத் தொகை நீங்கள் எங்களுக்குத் தர வேண்டியது. உங்கள் புத்தகத்தில் எங்கள் கணக்கில் இது கிரெடிட்டாகவோ, எந்தப் பில்லோடும் சேர்க்கப்படாத வரவாகவோ தெரியும்.
>
> எங்கள் லெட்ஜரில் மொத்த டெபிட் 88,700. அதில் 84,600 மேற்சொன்ன கூடுதல் பேமெண்ட். மீதி 4,100 மார்ச் 21 அன்று திருப்பிய சரக்குக்கான எங்கள் டெபிட் நோட் 12. அதற்கு உங்கள் கிரெடிட் நோட்டை எதிர்பார்க்கிறோம். அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது நாங்கள் கேட்பது 84,600 மட்டுமே.
>
> எங்கள் லெட்ஜர் நகலையும் இரண்டு பேமெண்டுகளுக்கான வங்கி ஆதாரத்தையும் இணைத்துள்ளோம். உங்கள் பக்கத்து ஸ்டேட்மெண்டை மார்ச் 1 முதல் இன்று வரைக்கும் அனுப்பினால் ஒப்பிட உதவியாக இருக்கும். பணம் எந்த வங்கிக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு ஏப்ரல் 20-க்குள் திருப்பி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> நன்றி.

பொருள் வரியில் டெபிட் பேலன்ஸ் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். பில் எண்ணும் தொகையும் மட்டும் இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் அவர்கள் தேடுவார்கள். "தவறு எங்களுடையது" என்ற வரியைச் சிலர் எடுத்துவிடச் சொல்வார்கள். நான் வைக்கிறேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், தங்கள் மேல் புகார் வந்திருப்பதாக எண்ணிக்கொண்டு அவர்கள் மேலாளருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே போனது சுலபத்தில் திரும்பாது.

"எங்கள் பக்கம் கூடுதலாக எதுவும் இல்லை" என்று பதில் வருகிறது

இது பெரும்பாலும் பொய்யல்ல. அவர்கள் பார்க்கும் திரையில் அது இல்லை, அவ்வளவுதான். மார்ச் 28 அன்று அவர்கள் வங்கிக்கு 1,15,850 வந்தது. வரவைப் பதிந்தவருக்கு நிலுவையில் இருந்தது பில் 463 மட்டும். அதற்கு 31,250-ஐ வைத்துவிட்டு, மீதி 84,600-ஐ எந்தப் பில்லிலும் சேர்க்காமல் அப்படியே போட்டு வைத்தார். நம் மெயிலைப் படிப்பவர் வேறொருவர். அவர் நிலுவைப் பில் பட்டியலைத் திறக்கிறார், 451-ம் தீர்ந்தது, 463-ம் தீர்ந்தது, பட்டியல் காலி. "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுகிறார். சேர்க்கப்படாத வரவு அந்தப் பட்டியலில் வராமல் வேறு இடத்தில் கிடக்கிறது.

இதற்குப் பதிலாக நம் கணக்கை மறுபடி விளக்கிப் பயனில்லை. அவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "மார்ச் 28 அன்று 1,15,850 உங்கள் வங்கியில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதில் எவ்வளவு எந்தப் பில்லில் வைத்திருக்கிறீர்கள்?" வங்கி டிரான்ஸ்ஃபரின் ரெஃபரன்ஸ் எண்ணைக் கூடவே கொடுங்கள். பணம் வந்ததை யாரும் மறுக்க முடியாது. எங்கே வைத்தோம் என்று அவர்கள் தேடும்போது கூடுதல் பணம் தானாக வெளியே வரும்.

சில சமயம் வேறு வாடிக்கையாளர் கணக்கில் ஏறியிருக்கும், குறிப்பாக ஒரே குழுமத்தில் இரண்டு நிறுவனங்கள் வாங்கும்போது. அந்தக் கேள்வியே அதையும் பிடித்துவிடும். அவர்கள் முழு ஸ்டேட்மெண்ட் அனுப்பினால், நிலுவைப் பட்டியலா, எல்லா நடவடிக்கைகளும் உள்ள ஸ்டேட்மெண்டா என்று முதலில் பாருங்கள். நிலுவைப் பட்டியலை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

தொகை ஒத்துப்போகவில்லை என்று மொத்தத்தையும் நிறுத்திவைக்கிறார்கள்

என் முதல் மெயில் 88,700 கேட்டது. அவர்கள் புத்தகத்தில் கிரெடிட் 84,600. வித்தியாசம் 4,100. அந்த 4,100-க்காக 84,600-ம் முடங்கியது. எண் ஒத்துப்போகாத ரீஃபண்டுக்குக் கையெழுத்துப் போட யாரும் துணிவதில்லை.

டெபிட் நோட் என்பது நாம் எழுதுவது. சரக்கைத் திருப்பியதும் நம் புத்தகத்தில் அது ஏறிவிடும். சப்ளையரோ சரக்கை வாங்கிப் பார்த்து, ஒப்புக்கொண்டு, தன் கிரெடிட் நோட்டை எழுதிய பிறகுதான் நம் கணக்கைக் குறைப்பார். இடைப்பட்ட காலத்தில் இரண்டு புத்தகமும் அந்த அளவுக்கு வேறுபட்டே இருக்கும். இரண்டு பக்கமும் சரிதான். கூடுதல் பேமெண்டுக்கு வங்கிச் சான்று போதும். டெபிட் நோட்டுக்கு அவருடைய சம்மதம் வேண்டும். இரண்டையும் ஒரே தொகையாகக் கட்டிக் கேட்டதுதான் நான் செய்த பிழை.

மெயிலை மேலே சொன்ன மாதிரி பிரித்து எழுதியதும் 84,600 அடுத்த வாரமே வந்தது. 4,100-க்கான கிரெடிட் நோட் வர இன்னும் ஒரு மாதம் பிடித்தது. அதைப் பணமாகக் கேட்காமல் அடுத்த பில்லில் கழித்துக்கொண்டோம்.

"அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்

அடிக்கடி வாங்கும் சப்ளையர், சிறிய தொகை என்றால் இதை ஏற்பதில் நஷ்டமில்லை. ரீஃபண்ட் நடைமுறை அவர்களுக்கும் தலைவலிதான். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் சராசரியாக எவ்வளவுக்கு வாங்குகிறோம்? இந்த சப்ளையரிடம் மாதம் சுமார் 30,000-க்குத்தான் வாங்கினோம். 84,600 கழிய மூன்று மாதம் ஆகும். அதுவரை அது வட்டியில்லாக் கடன். இடையில் அவர் தொழிலை நிறுத்திவிட்டால், கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நாமும் ஒருவராக நிற்க வேண்டியதுதான்.

வேண்டாம் என்றால் "அடுத்த இரண்டு மாதங்களுக்கான எங்கள் கொள்முதல் இந்தத் தொகைக்குப் போதாது, எனவே பணமாகவே வேண்டும்" என்று காரணத்தோடு எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால், எந்தத் தொகை எந்தப் பில் வரை கழியும் என்பதை அவர்கள் கையால் ஒரு மெயிலாக வாங்கி வையுங்கள். நாமாகக் குறைத்துக் கட்டிவிட்டு விளக்கம் அனுப்பாமல் விட்டால், அவர்கள் பக்கம் அந்தப் பில் பாதி கட்டிய பில்லாக நிற்கும். பிறகு அதற்கும் நினைவூட்டல் வரும்.

பதிலே இல்லை, அல்லது வங்கி விவரம் கேட்டு மெயில் வருகிறது

பதில் இல்லையென்றால் மெயில் பெரும்பாலும் விற்பனைப் பிரிவில் கிடக்கிறது. நமக்குப் பழக்கமானவர் விற்பனையாளர், பணத்தைத் திருப்பித் தருவது அவர் வேலையல்ல. வாடிக்கையாளர் வரவுகளைப் பார்ப்பவர் யார் என்று போனில் கேட்டு, அவருக்கே அனுப்புங்கள். பழைய மெயிலை அப்படியே முன்னனுப்பாமல் புதிதாக எழுதுவது நல்லது.

வங்கி விவரம் கேட்டு வரும் மெயிலில் நிதானம் வேண்டும். திருப்பித் தருவதற்காக அவர்கள் நம் கணக்கு எண்ணைக் கேட்பது இயல்புதான். ஆனால் பணம் மாறும் மெயில் தொடரில் மூன்றாம் ஆள் நுழைவதும் நடக்கிறது. நம் பெயரில் வேறு கணக்கு எண்ணை அவர்களுக்கு அனுப்பிவிட்டால் ரீஃபண்ட் வேறெங்கோ போய்விடும். "பணம் வந்த அதே கணக்குக்கு" என்ற வரியை மெயிலில் வைத்தது இதற்காகத்தான். கணக்கு எண்ணைத் தரத்தான் வேண்டும் என்றால் தந்துவிட்டு, அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம் போன் எண்ணில் அழைத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். மெயிலில் இருக்கும் எண் வேண்டாம்.

பணம் வந்துவிட்டது, லெட்ஜர் இன்னும் நேராகவில்லை

வங்கிக்கு டெபிட், சப்ளையருக்கு கிரெடிட். 84,600 பதிந்ததும் சப்ளையரின் டெபிட் 4,100-க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், வங்கி வரவைப் பதிந்தவர் அதை "இதர வருமானம்" என்று போட்டிருப்பார். உள்ளே வரும் பணமெல்லாம் வருமானம் என்ற பழக்கம். இதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். லாபம் பொய்யாக 84,600 ஏறியிருக்கும், சப்ளையர் பெயரில் டெபிட் அப்படியே நிற்கும். ஆறு மாதம் கழித்து யாராவது அதே பணத்தை மறுபடி கேட்டு மெயில் அனுப்புவார்கள். வந்த பணம் நம்முடையதுதான் திரும்பியிருக்கிறது, வருமானமல்ல. பதிவை சப்ளையர் கணக்குக்கு மாற்றுங்கள்.

84,600-க்குப் பதில் 84,550 வந்திருந்தால், 50 பெரும்பாலும் வங்கிக் கட்டணம். தவறு நம்முடையது என்பதால் அதை நம் செலவாக எழுதிவிடுவேன். அதற்காக இன்னொரு மெயில் போடமாட்டேன்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் ரீஃபண்ட் வராமல் இருந்தால், அந்த டெபிட்டை மற்ற சப்ளையர்களுக்குத் தர வேண்டிய தொகையோடு கழித்து ஒரே எண்ணாகக் காட்டக் கூடாது. அது வர வேண்டிய பணம், சொத்துப் பக்கம் தனியாக நிற்க வேண்டும். பன்னாட்டு கணக்கியல் தரமான ஐஏஎஸ் 1 இப்படிச் சொத்தையும் கடனையும் ஒன்றோடொன்று கழித்துக் காட்டுவதை, வேறொரு தரம் அனுமதித்தாலன்றி, தடுக்கிறது. ஆடிட்டர் சப்ளையர் பட்டியலை எடுத்ததும் டெபிட்டில் நிற்கும் பெயர்களைத்தான் முதலில் வட்டமிடுவார். அப்போது நீட்ட, அனுப்பிய மெயிலும் அவர்கள் தொகையை ஒப்புக்கொண்ட பதிலும் கோப்பில் இருந்தால் போதும்.